தடிப்பை அளப்பது பாதி வேலைதான்: அலர்ஜி ஊசிப் பரிசோதனைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

டாக்டர் சீட்டில் ‘ஸ்கின் ப்ரிக் டெஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: எத்தனை ஊசி, ரொம்ப வலிக்குமா? சந்தேகப்படுகிற பொருளின் சாற்றைத் தோலில் வைத்து லேசாகக் குத்தி, அந்த இடம் தடிக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட் இது. வலி பெரிதாக இல்லை. குண்டூசி முனையால் தோலை லேசாகத் தொட்டு அழுத்தின மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற தாளில்தான். அலர்ஜி கிளினிக் ஒன்றில் இந்த டெஸ்ட்டைக் கையில் போட்டுவிடுகிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். வேறு எங்கோ எடுத்த ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு வந்து, “இறால், கத்தரிக்காய், பால், கோதுமை, முட்டை, கடலை எதுவும் சாப்பிடக் கூடாதாம், நான் என்னதான் சாப்பிடுவது” என்று கேட்கிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். அதில் பாதிப் பேர் அந்தச் சாப்பாட்டையெல்லாம் சின்ன வயதிலிருந்து எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டவர்கள். அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன்னால்: முதலில் உங்கள் கதை

டெஸ்ட்டுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு தாளை எடுத்து, என்ன தொந்தரவு, எப்போது வருகிறது, எதைத் தொட்டபிறகு அல்லது சாப்பிட்டபிறகு, எத்தனை நிமிடம் கழித்து, ஒவ்வொரு தடவையும் வருகிறதா அல்லது ஒரு தடவைதானா என்று எழுதுங்கள். அந்தச் சாப்பாட்டைத் தொந்தரவு இல்லாமல் சாப்பிட்ட நாட்களையும் எழுதுங்கள். அதைத்தான் யாரும் எழுதுவதில்லை. இந்த டெஸ்ட் பிடிக்கிற வகை அலர்ஜியில் அறிகுறி சீக்கிரம் வரும், பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள். சாப்பிட்டு மறுநாள் வயிறு உப்பினால் இந்த டெஸ்ட்டில் பதில் கிடைக்காது. ஹேர் டை போட்டு இரண்டு நாள் கழித்து நெற்றியோரம் அரித்துப் புண்ணானால் அதற்கும் இது இல்லை, அதற்கு முதுகில் ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் வேறாக இருக்கிறது.

எதையெல்லாம் போட்டுப் பார்ப்பது என்று டாக்டர் முடிவு செய்வது இந்தக் கதையை வைத்துத்தான். கதையே கேட்காமல் “எங்களிடம் 80 பொருள் கொண்ட பேக்கேஜ் இருக்கிறது” என்று சொல்லுமிடத்தில் கொஞ்சம் யோசியுங்கள். பொருள் கூடக் கூட, சம்பந்தமே இல்லாத ஒன்று தடித்துக் காட்டுகிற வாய்ப்பும் கூடும்.

மாத்திரைகள்

இந்த டெஸ்ட் வீணாகப் போவதற்கு முதல் காரணம் இதுதான். தோலில் தடிப்பை உண்டாக்குவது ஹிஸ்டமின் என்ற பொருள். செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்சோஃபெனடின், லோரடடின் போன்ற அலர்ஜி மாத்திரைகள் அந்த ஹிஸ்டமினைத்தான் தடுக்கின்றன. அதனால் பொதுவாக ஒரு வாரம் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வோம். எல்லோரும் செட்ரிசினை நிறுத்திவிடுவார்கள், சளி மாத்திரையை மறந்துவிடுவார்கள். மருந்துக்கடையில் ‘ஜலதோஷத்துக்கு’ என்று கேட்டு வாங்குகிற மாத்திரைகளிலும் பல இருமல் சிரப்புகளிலும் குளோர்ஃபெனிரமின் என்ற ஆன்டிஹிஸ்டமின் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், புரியவில்லையென்றால் அட்டையையே எடுத்து வந்து காட்டுங்கள்.

தூக்கத்துக்கோ தலைவலிக்கோ மனச்சோர்வுக்கோ கொடுக்கிற அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகளும் தடிப்பை அமுக்கும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். நிறுத்த முடியாதென்றால் ரத்தத்தில் ஐஜிஇ என்கிற, அலர்ஜிக்குக் காரணமான எதிர்ப்புரதத்தைப் பார்க்கிற வழி இருக்கிறது, அதற்கு எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். ஆஸ்துமா இன்ஹேலரையும் நிறுத்தக் கூடாது. மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் மான்டெலுகாஸ்ட்டும் முடிவைப் பெரிதாக மாற்றாது. டெஸ்ட் போடுகிற முன்கையில் ஸ்டீராய்டு களிம்பு தடவிக்கொண்டிருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூச்சு இழுத்துக்கொண்டிருக்கும் நாளில் இதைச் செய்ய மாட்டோம். சமீபத்தில் கடுமையான ஒவ்வாமை அதிர்ச்சி வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் நான்கிலிருந்து ஆறு வாரம் தள்ளிப்போடுவோம், ஏனென்றால் அந்த அதிர்ச்சியில் தோலின் செல்கள் தங்கள் சரக்கையெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கும், டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தள்ளிவைப்போம்.

அன்றைக்கு என்ன நடக்கும்

முன்கையின் உட்பக்கத்தைத் துடைத்துவிட்டு, பேனாவால் வரிசையாக எண் போடுவேன். ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் குறைந்தது 2 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். நெருக்கிப் போட்டால் ஒன்றின் சிவப்பு பக்கத்து எண்ணுக்குப் பரவும், எது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் ஒட்டிப் போடுவதில்லை. ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு சொட்டுச் சாறு வைத்து, லான்செட் என்ற சின்ன ஊசியின் 1 மில்லிமீட்டர் முனையை அந்தச் சொட்டு வழியாக நேராக இறக்கி, ஒரு விநாடி அழுத்தி எடுத்துவிடுவேன். ஒவ்வொரு சொட்டுக்கும் புது லான்செட். ரத்தம் வரக் கூடாது. ரத்தம் வந்தால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம், அந்தக் காயமே தடிப்பாகத் தெரியலாம். பிறகு டிஷ்யூவால் ஒற்றி எடுக்க வேண்டும், இழுத்துத் துடைக்கக் கூடாது. இழுத்தால் ஒரு சாறு இன்னொரு குத்தில் போய்க் கலந்துவிடும்.

இந்த வரிசையில் இரண்டு சொட்டு அலர்ஜி பொருளே இல்லை, ஆனால் மொத்த டெஸ்ட்டும் அந்த இரண்டை நம்பித்தான் நிற்கிறது. ஒன்று ஹிஸ்டமின் கரைசல், எல்லோருக்கும் தடிக்க வேண்டும். இன்னொன்று வெறும் உப்பு நீரும் கிளிசரினும், யாருக்கும் தடிக்கக் கூடாது. முதலாவதை பாசிட்டிவ் கண்ட்ரோல் என்றும் இரண்டாவதை நெகட்டிவ் கண்ட்ரோல் என்றும் ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள். ஹிஸ்டமின் தடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் உடம்பில் இன்னும் மாத்திரை இருக்கிறது. மற்ற எல்லாம் நெகட்டிவ் என்று வந்தாலும் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. உப்பு நீர் தடித்துவிட்டால் உங்கள் தோல் வெறுமனே கீறினாலே தடிக்கிற வகை, அப்போது வருகிற பாசிட்டிவ்களை நம்ப முடியாது.

ஒருமுறை ஒரு கல்லூரிப் பையனுக்கு எல்லாமே சுத்தமாக நெகட்டிவ். அவன் சந்தோஷமாகச் சட்டைக் கையை இறக்கப் போனான், நான் ஹிஸ்டமினைக் காட்டினேன்: 1 மில்லிமீட்டர். “முந்தாநாள் அம்மா சளிக்கு ஒரு மாத்திரை கொடுத்தாங்க, அது அலர்ஜி மாத்திரை இல்லையே” என்றான். பத்து நாள் கழித்து மறுபடி வந்தான், தூசி உண்ணிக்கு 7 மில்லிமீட்டர்.

குத்தி முடித்ததும் உட்கார வேண்டியது 15 நிமிடம். அரிக்கும், சொறியக் கூடாது. அரிப்பு கையைத் தாண்டி உடம்பெல்லாம் பரவினாலோ, இருமல், தொண்டை இறுக்கம், தலைசுற்றல் வந்தாலோ உடனே கூப்பிடுங்கள். அரிதுதான், ஆனாலும் அட்ரினலின் ஊசி பக்கத்து டிரேயில் இல்லாத இடத்தில் இந்த டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளப்பது

15 நிமிடம் ஆனதும் கையைப் பாருங்கள். இரண்டு விஷயம் தெரியும். நடுவில் கொசு கடித்த மாதிரி வெளிறிய, மேடான ஒரு வட்டம், அதுதான் தடிப்பு. அதைச் சுற்றித் தட்டையாக, பெரிதாக ஒரு சிவப்பு. அளக்க வேண்டியது தடிப்பை, சிவப்பை அல்ல. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற முதல் தப்பு சிவப்பின் ஓரத்தில் ஸ்கேலை வைப்பதுதான், 4 மில்லிமீட்டர் ஒரேயடியாக 20 ஆகிவிடும். விரலால் தடவிப் பார்த்தால் மேடு எங்கே முடிகிறது என்று தெரியும்.

அந்த மேட்டின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, மிக நீளமான பக்கத்தை அளக்கிறோம், பிறகு அதன் நடுவில் குறுக்காக இன்னொரு அளவு எடுக்கிறோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி. நீளம் 9, குறுக்கு 7 என்றால் 8 மில்லிமீட்டர். வரைந்த கோட்டின் மேல் செல்லோடேப் ஒட்டி எடுத்துத் தாளில் ஒட்டிவைத்தால் பிறகு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நான் முடிந்தவரை அப்படித்தான் செய்வேன். உப்பு நீர்த் தடிப்பைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் பாசிட்டிவ் என்று வைத்துக்கொள்கிறோம்.

சில ரிப்போர்ட்டில் மில்லிமீட்டரே இருக்காது, ஒரு ப்ளஸ், இரண்டு ப்ளஸ், நான்கு ப்ளஸ் என்று மட்டும் இருக்கும். ஒவ்வோர் இடத்திலும் ப்ளஸ் போடுகிற கணக்கு வேறு. மில்லிமீட்டரையும் இரண்டு கண்ட்ரோல்களின் அளவையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ராத்திரி வீட்டில் அதே இடம் மறுபடி வீங்கிச் சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம். சிலருக்கு ஆறு, எட்டு மணி நேரம் கழித்து இப்படி வரும், அதை அளவில் சேர்ப்பதில்லை.

இப்போது அந்தத் தாளைப் படிப்போம்

ஒருவரின் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்வோம். ஆள் யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது முப்பத்து சொச்சம், கடலோர ஊர். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்குள் வரிசையாகப் பதினைந்து இருபது தும்மல், மூக்கில் தண்ணீர், கண் அரிப்பு. பத்து மணிக்கு வெளியே போய்விட்டால் ஓரளவு சரியாகிவிடும். மழை மாதங்களில் அதிகம், பீரோவில் இருந்து பழைய போர்வையை எடுத்தால் அன்றைக்கு முழுக்கத் தும்மல். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் இறால் தொக்கு.

அவர் கையில் வந்த அளவுகள் இவை. உப்பு நீர் 1. ஹிஸ்டமின் 6. தூசி உண்ணி 8. கரப்பான் 5. இறால் 4.5. கத்தரிக்காய் 3. எல்லாம் சராசரி, மில்லிமீட்டரில்.

முதலில் கண்ட்ரோல்கள். உப்பு நீர் 1, ஹிஸ்டமின் அதைவிட 5 பெரிது. சரி, மாத்திரை எதுவும் கெடுக்கவில்லை, மற்றதைப் படிக்கலாம். உப்பு நீர் 1 என்பதால் பாசிட்டிவ் என்று சொல்ல 4 தேவை. கத்தரிக்காய் 3தான், எனவே நெகட்டிவ். ஆனால் அவர் கொண்டுவந்த பழைய ரிப்போர்ட்டில் இதே மாதிரி ஒரு சின்ன மேட்டுக்கு ஒரு ப்ளஸ் போட்டு, கத்தரிக்காயைத் ‘தவிர்க்க’ என்ற பட்டியலில் சேர்த்திருந்தார்கள். உப்பு நீரைக் கழிக்காமல் விட்டதால் வந்த வினை. இரண்டு வருடமாக வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லையாம்.

தூசி உண்ணி 8. அவர் கதையும் அதையேதான் சொல்கிறது. தூசி உண்ணி மெத்தை, தலையணை, போர்வை இவற்றில் வாழ்கிற, கண்ணுக்குத் தெரியாத பூச்சி, ஈரப்பதமான ஊரில் நன்றாகப் பெருகும். படுக்கையை விட்டு எழுகிற நேரம், மழைக்காலம், பழைய போர்வை எல்லாம் பொருந்துகின்றன. தாளும் கதையும் ஒன்று சேர்கிற இடம் இதுதான், மருத்துவமும் இதற்குத்தான். கரப்பான் 5க்கும் ஓரளவு இடம் உண்டு, அவர் வீட்டுச் சமையலறையில் கரப்பான் இருப்பதாக அவரே சொன்னார்.

இறால் 4.5 என்பதும் பாசிட்டிவ்தான், கழித்தாலும் 3.5 வருகிறது. இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். இறால், கரப்பான், தூசி உண்ணி மூன்றுமே கணுக்காலி இனத்தவை, தூரத்துச் சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றின் தசையில் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தூசி உண்ணியைப் பார்த்துப் பழகிய உடம்பு, இறாலிலும் அதே முகத்தைப் பார்த்து, “இவனும் அவன் ஆள்தான்” என்று தோலில் தடித்துக் காட்டலாம். வயிற்றுக்குள் போகும்போது ஒன்றும் நடக்காமலும் இருக்கலாம். அவர் ஒவ்வொரு ஞாயிறும் இறால் சாப்பிட்டு ஒரு தடவைகூட அரிப்போ வாய் வீக்கமோ வாந்தியோ வந்ததில்லை. டாக்டர் அவரிடம் சொன்னது: இறாலை நிறுத்தாதீர்கள்.

இதே 4.5 இன்னொருவர் கையில் வந்தது. அவர் இறால் பிரியாணி சாப்பிட்ட இருபது நிமிடத்தில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துப்போனவர், அதுவும் இரண்டு முறை. அவருக்கு அந்த 4.5 ஒரு உறுதி. இறாலோடு நண்டு மாதிரி மற்ற ஓட்டு உயிரினங்களையும் டாக்டர் சொல்கிறவரை தொடக் கூடாது, அவசரத்துக்கு என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். ஒரே தடிப்பு, ஒரே அளவு, ஒரே சாறு; ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, இன்னொருவருக்கு ஆபத்து. வித்தியாசம் தோலில் இல்லை, அவர்கள் எழுதிக்கொண்டு வந்த கதையில் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் போதும். தடிப்பு சொல்வது, அந்தப் பொருளுக்கு எதிரான ஐஜிஇ உங்கள் உடம்பில் இருக்கிறது என்பதை மட்டும். அது இருந்தும் அலர்ஜி இல்லாதவர்கள் நிறையப் பேர். தடிப்பு பெரிதாக ஆக, உண்மையான அலர்ஜியாக இருக்கிற வாய்ப்பு கூடும், ஆனால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதைத் தடிப்பு சொல்லாது. 4 மில்லிமீட்டர்காரருக்கு மூச்சு அடைக்கலாம், 10 மில்லிமீட்டர்காரருக்கு வாய் மட்டும் அரிக்கலாம்.

பொருந்தாவிட்டால் என்ன செய்வது

தாளில் பாசிட்டிவ், ஆனால் அதைத் தொந்தரவு இல்லாமல் சாப்பிடுகிறீர்கள் என்றால் நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கரப்பான் படை என்று வீட்டில் சொல்கிற எக்சிமா இருக்கிற குழந்தைகளுக்கு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை மாதக்கணக்கில் அதைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி சாப்பிடும்போது, முன்பு இல்லாத உடனடி அலர்ஜி வந்த சம்பவங்கள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. வளர்ச்சி குறைவது தனிக்கதை.

தாளில் நெகட்டிவ், ஆனால் கதை பலமாக இருக்கிறது என்றால், அதைக்கொண்டு தைரியமாகச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். பழம், காய்கறிச் சாறுகள் பாட்டிலில் இருக்கும்போதே வீரியம் இழந்துவிடும். அப்போது வீட்டிலிருந்து அதே பழத்தைக் கொண்டுவரச் சொல்லி, லான்செட்டை முதலில் பழத்தில் குத்தி, பிறகு தோலில் குத்திப் பார்ப்போம். தூசி போன்ற விஷயத்தில் நெகட்டிவ் வந்தாலும் மூக்கில் மட்டும் அலர்ஜி இருக்கிறவர்கள் சிலர் உண்டு.

எதிலும் தீராத சந்தேகம் உணவில் வந்தால், ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்கத்தில் இருக்க, துளியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடக் கொடுத்துப் பார்க்கிற சோதனைதான் கடைசித் தீர்ப்பு. இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

அப்புறம், ஆறு வாரத்துக்கு மேல் தினமும் வந்து போகிற பித்தத் தடிப்புக்கு இந்த டெஸ்ட்டை எடுத்துக்கொண்டு உணவுப் பட்டியல் தேடாதீர்கள், அதற்குக் காரணம் உணவாக இருப்பது அபூர்வம். ரத்தத்தில் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புரதத்தைப் பார்த்து நூறு உணவுக்கு ‘ஒவ்வாமை’ என்று அச்சடித்துத் தருகிற டெஸ்ட்டும் இதுவும் ஒன்றல்ல. ஐஜிஜி என்பது பெரும்பாலும் நீங்கள் அந்த உணவைச் சாப்பிடுகிறீர்கள் என்பதற்கான அடையாளம்.

நம் காலைத் தும்மல்காரர் என்ன செய்தார் என்றால், மெத்தைக்கும் தலையணைக்கும் தூசி உண்ணி புகாத உறை போட்டார், போர்வைகளை வாராவாரம் 60 டிகிரி வெந்நீரில் துவைக்க ஆரம்பித்தார், மூக்கு ஸ்ப்ரேயை ஒழுங்காக அடித்தார். ஆறு வாரம் கழித்து வந்தபோது தும்மல் ஒன்றிரண்டாகக் குறைந்திருந்தது. எண்ணெய்க் கத்தரிக்காய் மறுபடி வந்துவிட்டதா என்று கேட்டேன். மனைவி இன்னும் நம்பவில்லையாம், பழைய ரிப்போர்ட் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறதாம். கிழித்துப் போடச் சொன்னேன்.